அறைக்கு அறை வைஃபை வேகம்: நோட்டில் எதை எழுதுவது, எப்படிப் படிப்பது

கேள்வி: எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் வைஃபை வேகம் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஒருநாள் குறைந்தால் அது வழக்கமான ஏற்ற இறக்கமா, கோளாறா என்றே தெரிவதில்லை. அறைவாரியாக வேகத்தை எழுதி வைத்தால் உதவும் என்கிறார்கள். என்ன எழுத வேண்டும், எவ்வளவு நாள், அப்புறம் அதை எப்படிப் பார்த்துப் புரிந்துகொள்வது?

பதில்:

ஒரு அறையில் வந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வேகம் குறைந்ததாகத் தோன்றும் நாளில் எல்லா அறைகளிலும் ஒருமுறை அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த அறை இறங்கியிருக்கிறது, எது இறங்கவில்லை என்ற அந்த வரிசையே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிவிடும். நோட்டு வைத்திருப்பதன் முழுப் பயனும் அதுதான். எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அதைப் பார்த்தால் எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

எங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ். ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. அடுத்து படிப்பறை, ஒரு சுவர் தள்ளி படுக்கையறை, அதற்கும் அப்பால் சமையலறை, கடைசியில் பின் அறை. நோட்டில் இருந்த வழக்கமான எண்கள் இவை: ஹாலில் 192, படிப்பறையில் 150, படுக்கையறையில் 112, சமையலறையில் 60, பின் அறையில் 32. ஒருநாள் மாலை மகள் வந்து, “அப்பா, படிப்பறையில நெட் ரொம்ப மெதுவா இருக்கு. நேத்து வந்த மாதிரி ஃபைல் இறங்கவே மாட்டேங்குது” என்றாள். போய் அளந்தேன், 93. வழக்கத்தைவிட நன்றாகவே குறைவு.

அந்த ஒரு எண்ணோடு நின்றிருந்தால் படிப்பறையில்தான் ஏதோ மாறிவிட்டது என்று நினைத்திருப்பேன். மேசையை நகர்த்திப் பார்த்திருப்பேன், ரவுட்டரைத் திருப்பி வைத்திருப்பேன், சிக்னலைக் கூட்டித் தரும் கருவி ஒன்றை வாங்கலாமா என்றுகூட யோசித்திருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு எல்லா அறைகளுக்கும் போனேன். ஹாலில் 94 வந்தது. படிப்பறையில் 93, படுக்கையறையில் 92, சமையலறையில் 58, பின் அறையில் 35.

இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். ரவுட்டருக்கு மிக அருகில் இருக்கும் ஹால்தான் அதிகமாக இழந்திருக்கிறது, பாதிக்கு மேல். படுக்கையறை கொஞ்சம் இழந்திருக்கிறது. சமையலறையிலும் பின் அறையிலும் ஒன்றுமே ஆகவில்லை. பின் அறையில் வழக்கத்தைவிட மூன்று கூடவே வந்திருக்கிறது. வைஃபை பலவீனமாகியிருந்தால் முதலில் அடிபடுவது தூரத்து அறைகள்தான். இங்கே நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. முன்பு 94க்கு மேல் போன அறைகள் எல்லாம் 94க்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டு நிற்கின்றன, 94க்குக் கீழே இருந்த அறைகள் தொடப்படவே இல்லை.

காரணம் எளிது. ஓர் அறையில் உங்களுக்குக் கிடைக்கும் வேகத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, ரவுட்டர் வரைக்கும் வந்து சேரும் லைனின் எல்லை. இன்னொன்று, ரவுட்டரிலிருந்து உங்கள் ஃபோன் வரைக்கும் காற்றில் போகும் வைஃபையின் எல்லை. இரண்டில் எது சிறியதோ அதுதான் திரையில் தெரியும் எண். ஹாலில் வைஃபை 200ஐவிட அதிகமாகவே கொண்டுபோகும், அதனால் அங்கே தெரிவது லைனின் எல்லை. பின் அறையில் வைஃபை 30, 35தான் கொண்டுபோகும், அதனால் அங்கே தெரிவது காற்றின் எல்லை. லைன் பக்கம் கோளாறு வந்தால் அருகில் உள்ள அறைகள் இறங்கும். காற்றின் பக்கம் கோளாறு வந்தால் தூரத்து அறைகள் இறங்கும். அறைக்கு அறை எழுதி வைப்பதால்தான் இந்த இரண்டையும் பிரிக்க முடிகிறது.

அடுத்தது அந்த 94 என்ற எண். ரவுட்டருக்கும் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நடுவே ஒரு லேன் கேபிள் போகும். அது நன்றாக இருந்தால் இரு முனைகளும் 1000 எம்பிபிஎஸ்ஸில் பேசிக்கொள்ளும். அப்படிப் பேச, கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி அறுந்தாலோ, முனையில் தொடர்பு விட்டுப்போனாலோ, பல கருவிகள் இணைப்பைத் துண்டிக்காமல் ஒரு படி இறங்கி 100 எம்பிபிஎஸ்ஸில் பேசத் தொடங்கிவிடும், ஏனென்றால் 100க்கு இரண்டு ஜோடிகள் போதும். அந்த 100இலும் முழுதும் நமக்குக் கிடைக்காது. கம்பியில் போகும் ஒவ்வொரு முழுத் தரவுப் பொட்டலமும், இடைவெளியையும் சேர்த்து, 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. அதில் நம் தரவுக்குக் கிடைப்பது 1460 பைட் அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் 94, 95தான் மிஞ்சும். அதனால் வேகம் 93, 94, 95 என்று ஆடாமல் அசையாமல் நின்றால், எங்கோ ஒரு கம்பி இணைப்பு 100க்கு இறங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். வைஃபை கோளாறு இப்படி ஒரே எண்ணில் நிற்காது, குதித்துக்கொண்டே இருக்கும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெளி இணைப்புக்கான போர்ட் 100 என்று காட்டியது. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் கேபிள் சுவரோடு நசுங்கி மடிந்திருந்தது. அன்று காலை வீடு கூட்டும்போது மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருக்கிறோம். வேறு கேபிள் மாட்டியதும் போர்ட் 1000 என்று மாறியது, ஹாலில் 191 வந்தது. படிப்பறையைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. எல்லா அறைகளிலும் அளந்தது முதல் கேபிளைக் கண்டுபிடித்தது வரை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சரி, இப்போது நோட்டுக்கு வருவோம்.

முதலில் எந்தக் கருவியால் அளப்பது என்று முடிவு செய்துகொண்டு, அதை மாற்றாதீர்கள். ஒரே இடத்தில் பழைய ஃபோன் 80 காட்டும், புதுசு 180 காட்டும். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையே இரண்டிலும் வேறாக இருக்கலாம். இன்று உங்கள் ஃபோனிலும் நாளைக்கு மனைவியின் ஃபோனிலும் அளந்தால், இரண்டு ஃபோன்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அளக்கும் செயலியும் ஒன்றாகவே இருக்கட்டும். அதில் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் எப்போதும் ஒரே சர்வரைத் தேர்ந்தெடுங்கள். தானாகத் தேர்வு செய்ய விட்டால் இன்று ஒன்றையும் நாளை இன்னொன்றையும் எடுத்து, அந்த சர்வரின் நெரிசலை உங்கள் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடும். விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள், பேட்டரி சேமிப்பு முறையையும் நிறுத்துங்கள்.

இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். அறைக்குள் சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்று சேர்ந்து வலுக்கும், ஒரு கை தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் எங்கேயோ நின்று அளந்தால், எதுவுமே மாறாதபோதும் எண் கணிசமாக மாறும். கையும் உடம்பும் மறைப்பது வேறு. நான் ஒவ்வொரு அறையிலும் ஒரு மேசையிலோ அலமாரித் தட்டிலோ சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். ஃபோனை அதன் மேல் வைத்து, அளவைத் தொடங்கிவிட்டு, ஓரடி விலகி நின்றுகொள்வேன். தூர அறைகளில் எண்கள் நிலையாக வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை அளந்து, நடுவில் வரும் எண்ணை மட்டும் எழுதுங்கள். 110, 113, 61 என்று வந்தால் எழுத வேண்டியது 110. சராசரி எடுத்தால் 95 என்று வரும், அது அந்த மூன்று தடவையில் ஒருமுறைகூடக் கிடைக்காத வேகம். அந்த 61, யாரோ அந்த நொடியில் வீடியோவைத் திறந்ததாலும் வந்திருக்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: 200 எம்பிபிஎஸ் வேகத்தில் பத்து நொடி அளந்தால் 250 எம்பி செலவாகும். உங்கள் இணைப்பில் மாத டேட்டாவுக்கு வரம்பு இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு அளவுகளைத் திட்டமிடுங்கள்.

வேகத்தோடு இன்னும் மூன்றை எழுத வேண்டும்: சிக்னல், பேண்ட், சேனல். வேகம் என்பது விளைவு. காரணத்தைத் தேட இந்த மூன்றும் வேண்டும். பேண்ட் என்பது வைஃபை ஓடும் அலைவரிசை, 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் மாதிரி. சேனல் என்பது அதற்குள் ரவுட்டர் பிடித்திருக்கும் பாதையின் எண். சிக்னல் டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் வலுவானது. ரவுட்டருக்குப் பக்கத்தில் -35, -40 என்று இருக்கும். -67 வரைக்கும் வீடியோ அழைப்பு நன்றாகவே ஓடும். -75க்குக் கீழே போனால் தடுமாற்றம் தொடங்கும். இந்த எண்ணைக் காட்டும் வைஃபை செயலிகள் ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு நிறைய உண்டு. விண்டோஸ் மடிக்கணினியில் அளப்பவர்கள் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டினால் போதும்:

```
netsh wlan show interfaces
```

அதில் `Channel` என்ற வரி சேனலைச் சொல்லும், `Signal` என்ற வரி சிக்னலைச் சதவீதத்தில் சொல்லும். டிபிஎம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எப்போதும் அதே அலகில் எழுதினால் ஒப்பிட முடியும். சேனல் எண் 1 முதல் 14க்குள் இருந்தால் நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள், 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ். 6 கிகாஹெர்ட்ஸும் பேசும் புது ரவுட்டர் என்றால் சேனல் எண்ணை மட்டும் நம்பாமல், ஃபோன் காட்டும் பேண்டையே எழுதிக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: “படுக்கையறை, இரவு 9, 5 கிகா, சேனல் 44, சிக்னல் -58, பதிவிறக்கம் 108, பதிவேற்றம் 96.” எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.

முதல் வரியை எந்த அறையையும் சேராத ஓர் அளவீட்டுக்காக ஒதுக்குங்கள். மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராக மாட்டி அளந்த எண் அது. அதில் வைஃபையே கிடையாது, லைனின் எல்லை மட்டும்தான் தெரியும். பிற்பாடு எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பீர்கள். அளக்கும்போது அந்தக் கேபிளும் மடிக்கணினியின் போர்ட்டும் 1000இல் இணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்ல லைனிலும் 94 வந்து உங்களைத் திசைதிருப்பிவிடும்.

எவ்வளவு நாள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வாரம் போதும். வாரத்துக்கு மூன்று சுற்று, காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்று என்று நேரத்தை மாற்றி மாற்றி எடுங்கள். இரவுச் சுற்றை விடக்கூடாது, ஏனென்றால் லைனிலும் காற்றிலும் நெரிசல் மிகுவது அப்போதுதான். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஒரே ஒரு எண்ணை வழக்கம் என்று எழுதாதீர்கள், எங்கிருந்து எங்கே வரை என்று எழுதுங்கள். எங்கள் ஹாலின் வழக்கம் 186 முதல் 194 வரை. பின் அறையின் வழக்கம் 22 முதல் 46 வரை.

நோட்டை வைத்திருப்பவர்கள்கூடத் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பின் அறையில் நேற்று 44 வந்தது, இன்று 25 வருகிறது என்றால் பாதியாகிவிட்டதே என்று மனம் பதறும். ஆனால் அந்த அறையின் வழக்கமே அதுதான். சிக்னல் விளிம்பில் இருக்கும் இடத்தில் ஒரு கதவு மூடினாலும் ஒருவர் குறுக்கே உட்கார்ந்தாலும் எண் ஆடும். அங்கே 25 ஒரு செய்தியே இல்லை. ஹாலில் 190 வர வேண்டிய இடத்தில் 165 வந்தால், வெறும் 25 குறைந்திருந்தாலும் அது செய்திதான். அந்த அறை ஒருநாளும் அப்படி இறங்குவதில்லை. எவ்வளவு குறைந்தது என்பதைவிட, அந்த அறையின் வழக்கமான வரம்பைத் தாண்டிவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். நான் ஒரு தடவை தாண்டினால் கவலைப்படுவதில்லை. வேறு வேறு நேரத்தில், இரண்டு நாளில் மூன்று தடவை தாண்டினால்தான் தேடத் தொடங்குவேன்.

தேடும்போது வேகத்துக்குப் பக்கத்தில் சிக்னலை வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு அறையில் வேகமும் சிக்னலும் சேர்ந்து இறங்கியிருந்தால், ரவுட்டருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஏதோ வந்துவிட்டது என்று பொருள். எங்கள் படுக்கையறையில் ஒருமுறை சிக்னல் -58இலிருந்து -70க்குப் போனது, வேகம் 110இலிருந்து 48க்கு. வேறு எந்த அறையிலும் மாற்றம் இல்லை. அந்த வாரம்தான் முழு நீளக் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலமாரியை ஹால் பக்கச் சுவரோடு வைத்திருந்தோம். உலோகமும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சும் அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். 12 என்ற வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் அது வந்து சேரும் சக்தி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதும் எண்கள் பழைய இடத்துக்கு வந்தன.

சிக்னல் அப்படியே இருந்து வேகம் மட்டும் இறங்கியிருந்தால் நடுவில் தடை எதுவும் வரவில்லை. காற்றில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது கோளாறு லைன் பக்கம் இருக்கிறது. கேபிளில் எடுக்கும் முதல் வரி எண்ணைப் பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் லைன். அது நன்றாக இருந்தால் காற்று. அப்போது சேனலை மாற்றிப் பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை, அதனால் மாற்றுவதாக இருந்தால் அந்த மூன்றுக்குள் மாற்றுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. சிக்னல் *கூடியிருக்கும்*, வேகம் இறங்கியிருக்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. படுக்கையறையில் -58க்குப் பதில் -51, வேகம் 110க்குப் பதில் 34. பேண்ட் என்ற கட்டத்தில் பதில் இருந்தது. ஃபோன் 5 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 2.4க்கு மாறியிருந்தது. 2.4 சுவர்களைத் தாண்டி நன்றாக வரும், அதனால் சிக்னல் வலுவாகத் தெரியும். ஆனால் அதில் பாதை குறுகல், பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் எல்லாம் அங்கேதான், அதனால் வேகம் வராது. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் எதில் சேருவது என்பதை ஃபோனும் ரவுட்டரும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். வைஃபையை ஒருமுறை நிறுத்திப் போட்டதும் ஃபோன் 5க்குத் திரும்பியது, 109 வந்தது. திரையில் தெரியும் கோடுகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடவே பிடிபடாது, சிக்னல் முழுதாக இருக்கிறதே என்றுதான் நினைப்பார்கள்.

கேபிள் கதைக்கு நேர் எதிரான வரிசையும் ஒருநாள் வரும். ஹாலில் 190 அப்படியே இருக்கும், படிப்பறையிலும் பெரிதாக மாற்றம் இருக்காது, ஆனால் படுக்கையறை, சமையலறை, பின் அறை மூன்றும் சேர்ந்து இறங்கியிருக்கும். அப்போது ஹாலின் *சிக்னலை* பார்க்க மறக்காதீர்கள். வேகம் மாறாவிட்டாலும் சிக்னல் எல்லா அறைகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆறேழு எண், குறைந்திருந்தால் ரவுட்டர் வழக்கத்தைவிடக் குறைந்த சக்தியில் பேசுகிறது என்று அர்த்தம். ஹாலில் அது தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறது, அதனால் வேகத்தில் தெரியவில்லை. தூர அறைகளில் கையிருப்பு இல்லை. பல நேரம் காரணம் சேனல் எண்ணில் இருக்கும். மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் தானாக வேறு சேனலுக்குப் போயிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன, ரேடார் கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. பல நாடுகளில் எல்லாச் சேனல்களுக்கும் ஒரே சக்தி அனுமதி கிடையாது, அதனால் சேனல் மாறும்போது சக்தியும் மாறலாம். நோட்டில் 44 என்று இருக்கிறது, இன்று வேறு எண் தெரிகிறது என்றால், ரவுட்டரில் 44ஐ நிலையாக அமைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சேனல் மாறவில்லை என்றால் ரவுட்டரை யாராவது நகர்த்தியிருக்கிறார்களா, அதன் முன்னால் எதையாவது வைத்திருக்கிறார்களா, ஆன்டெனா தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவில் மட்டும் இறங்குவதற்கும் நோட்டு பதில் சொல்லும். கேபிள் எண்ணும் இரவில் இறங்கினால் நெரிசல் உங்கள் வீட்டுக்கு வெளியே லைனில் இருக்கிறது. ரவுட்டரைத் தொட்டுப் பயனில்லை. சேவை தருபவரிடம் பேசும்போது தேதியோடும் நேரத்தோடும் கேபிளில் எடுத்த எண்களைச் சொல்லுங்கள். “மெதுவாக இருக்கிறது” என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “பத்து நாளாகக் காலையில் 190, இரவு ஒன்பதுக்கு 70, இரண்டும் கேபிளில் அளந்தது” என்று சொன்னால் அவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போயாக வேண்டும்.

வேகம் அளக்கும் செயலி நன்றாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ அழைப்பு மட்டும் திக்குகிறது என்றால், இந்த நோட்டில் இருக்கும் வேகங்கள் உதவாது. அதற்குத் தாமதத்தைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் முகவரிக்கு, பல வீடுகளில் அது இப்படி இருக்கும், ஒரு நிமிடம் பிங் அனுப்பிப் பாருங்கள்:

```
ping 192.168.1.1
```

விண்டோஸில் நான்கு தடவையோடு நின்றுவிடும், தொடர்ந்து ஓட `-t` சேர்க்க வேண்டும். நல்ல வைஃபையில் பதில்கள் சில மில்லிநொடியில் திரும்பும். நடுநடுவே 100, 200 என்று தாண்டினால், அல்லது பதிலே வராமல் போனால், கோளாறு நீங்கள் பிங் அனுப்பும் கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கிறது. இதையும் நல்ல நாளில் ஒவ்வொரு அறையிலும் ஒருமுறை எடுத்து எழுதி வைத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் முடிந்த பிறகு இவ்வளவு அளக்கத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு சுற்று போதும், நான் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு எடுக்கிறேன். வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது அதில்தான் தெரியும். பக்கத்தில் புது வீடுகளில் ரவுட்டர்கள் வந்து சேரும்போது 2.4இன் எண்கள் மாதாமாதம் சிறுகச் சிறுக இறங்கும், ஒருநாளும் சட்டென்று தெரியாது.

வீட்டில் நீங்களாக எதை மாற்றினாலும் அன்றைக்கே தேதியோடு ஒரு வரி எழுதுங்கள்: அலமாரி நகர்ந்தது, ரவுட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது, திட்டம் 200இலிருந்து 300 ஆனது, கேபிள் மாற்றினோம். பிறகு ஒரு எண் இறங்கினால், அதற்கு முந்தைய வரியில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும். ரவுட்டரையோ அளக்கும் ஃபோனையோ மாற்றினால் மட்டும் பழைய வரம்புகளோடு ஒப்பிடாதீர்கள். புதுப் பக்கம் தொடங்கி, மேலே கருவியின் பெயரையும் தேதியையும் எழுதி, இரண்டு வாரச் சுற்றை மறுபடி எடுங்கள். பழைய ஃபோன் இன்னும் வேலை செய்தால் அதைத் தூக்கிப் போடாமல் அளப்பதற்கென்றே வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நோட்டு ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இணையத்தில் சேமித்து வைத்தால் இணையம் நின்றுபோன நாளில் திறக்க முடியாது.